ஒரே ஆள், மூன்று எழுத்துக்கூட்டல்: யூனிட் டிரஸ்ட் கம்பனிக்கு விளக்குவது எப்படி?

இரண்டு வருடங்களுக்கு முன்னர் பெருநாள் வியாபாரம் முடிந்து, கொழும்பு மொத்தக் கடைக்காரர்களின் கணக்கையும் தீர்த்த பிறகு, என் கையில் 12 இலட்சம் ரூபா மிஞ்சியது. அடுத்த சீசனுக்குத் துணி எடுக்க இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. அதுவரை பணத்தை நடைமுறைக் கணக்கில் சும்மா வைத்திருக்காமல், ஷரீஆ முறைப்படி நடத்தப்படும் ஒரு யூனிட் டிரஸ்டில் போட்டு வைக்கலாம் என்று நினைத்தேன். வெளிநாடுகளில் மியூச்சுவல் ஃபண்ட் என்று சொல்வதைத்தான் நாம் இங்கே யூனிட் டிரஸ்ட் என்கிறோம். படிவத்தை நிரப்பி, அடையாள அட்டையின் பிரதியையும் வங்கிக் கூற்றின் பிரதியையும் இணைத்து அனுப்பினேன். ஐந்தாம் நாள் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. அடையாள அட்டையிலுள்ள பெயரும் வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் பொருந்தவில்லை என்று ஒரு சிறு தாள் மேலே குத்தப்பட்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடங்களாக அதே வங்கியில் கொடுக்கல் வாங்கல் செய்கிறேன். ஒரு எழுத்துக்காக இப்படியா என்று நினைத்தேன். கோபத்தில் நான் செய்த வேலை என்ன தெரியுமா? புதிய படிவம் ஒன்றை எடுத்து, இம்முறை வங்கிக் கணக்கில் உள்ளபடியே பெயரை எழுதி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. இம்முறை படிவத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தவில்லையாம். ஒரு முரண்பாட்டைத் தீர்க்கப் போய் இரண்டாக்கிக்கொண்டேன்.

எமது வியாபாரிகளில் பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய்க் கைவிட்டு விடுகிறார்கள். எனவே மூன்றாவது முறை அது எப்படிச் சரிவந்தது என்பதை இவ்வாரம் படிப்படியாக எழுதுகிறேன்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

எனது முழுப் பெயரை இங்கே போடவில்லை. தகராறு வந்த சொற்களை மாத்திரம் சொல்கிறேன். எனது பிறப்புச் சான்றிதழ் தமிழில் எழுதப்பட்டது. அதில் வாப்பாவின் பெயர் "அப்துல் காதர் லெப்பை" என்றும், அதன் பின்னால் எனது பெயர் "முஹம்மது" என்று தொடங்கியும் இருக்கிறது. எனது பழைய தேசிய அடையாள அட்டையில் பெயர் சிங்களத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட இருக்கவில்லை.

1991 ஆம் ஆண்டு நான் வங்கிக் கணக்கைத் திறந்தபோது, கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர் அந்தச் சிங்களப் பெயரைப் பார்த்துத் தனது காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதினார். அவர் எழுதியது A.K.MOHAMMED. லெப்பை என்ற சொல்லை விட்டுவிட்டார், காதருக்கு K போட்டார், முஹம்மதுக்கு இரண்டு M போட்டார். நானும் கையொப்பமிட்டேன். அன்று அதை யார் பார்த்தார்கள்?

2008 ஆம் ஆண்டு உம்ராவுக்காகக் கடவுச்சீட்டு எடுத்தபோது, பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்தவர் ABDUL CADER LEBBE MOHAMED என்று எழுதினார். கடவுச்சீட்டிலும் அப்படியே வந்தது. பின்னர் 2019 இல் பழைய அடையாள அட்டை தேய்ந்துபோனதால் புதிய ஸ்மார்ட் அட்டைக்கு விண்ணப்பித்தேன். 2017 ஒக்டோபரில் இருந்து வழங்கப்படும் இந்த அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் வருகிறது. விண்ணப்பத்தில் கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலையே கொடுத்தேன். இதற்கிடையில் கடையின் வியாபாரப் பதிவுச் சான்றிதழில் A.C.MOHAMED என்று மூன்றாவது வடிவம் ஒன்றும் இருந்தது.

ஆக, யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் பெயரை மாற்றவில்லை. தமிழிலோ சிங்களத்திலோ ஒரே விதமாக இருந்த பெயர், வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு கைகளால் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் முஹம்மது என்பதை MOHAMED, MOHAMMED, MOHAMAD, MUHAMMADU என்று எத்தனை விதமாகவும் எழுதலாம். வாப்பாவின் பெயரை முன்னால் போட்டு அதை முதலெழுத்துகளாகச் சுருக்குவது எமது வழக்கம் என்பதால், நடுவில் ஒரு சொல் விடுபட்டால் முதலெழுத்துகளும் மாறிவிடுகின்றன. இந்தக் காரணத்தை நாம் அறிவோம். ஆனால் கம்பனியின் கோவையில் அது எழுத்தில் இல்லை. விளக்கம் கொடுப்பது என்றால் அந்தக் கோவைக்குள் இந்தக் காரணத்தை ஆதாரத்துடன் வைப்பதுதான்.

கம்பனி எதைப் பார்க்கிறது?

இரண்டாவது முறையும் திரும்பி வந்த பிறகு நேரில் போனேன். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் பொறுமையாகச் சொன்னார்:

"சேர், நீங்க யாரென்று எனக்குச் சந்தேகமில்லை. ஆனா நாளைக்கு இந்த ஃபைலைப் பார்க்கிற ஆள் உங்களைக் காணமாட்டார். அவர் காண்பது தாளை மட்டும்தான். ரெண்டு தாளில ரெண்டு பேர் இருந்தா, ரெண்டும் ஒருவர்தான் என்று சொல்ற மூணாவது தாள் ஒன்று வேணும்."

எனது கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அவர் கேட்டது நியாயம். 2006 ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டம், யாரென்று அடையாளம் காண முடியாத ஒருவரின் பெயரிலோ கற்பனைப் பெயரிலோ கணக்கு நடத்துவதைத் தடுக்கிறது. மத்திய வங்கியிலுள்ள நிதியியல் உளவறிதல் பிரிவு இதைக் கண்காணிக்கிறது. யூனிட் டிரஸ்டை நடத்தும் முகாமைத்துவக் கம்பனிகளுக்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் மேற்பார்வையும் உண்டு.

இதில் யூனிட் டிரஸ்டுக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. நமது பணம் நமது வங்கிக் கணக்கிலிருந்து அங்கே போகிறது. யூனிட்டை விற்கும்போது மீண்டும் நமது வங்கிக் கணக்குக்கே வருகிறது. இன்னொருவரின் கணக்கிலிருந்து பணம் வந்தாலோ, இன்னொருவரின் கணக்குக்குப் பணம் போனாலோ அது மூன்றாம் ஆளின் கொடுக்கல் வாங்கல் ஆகிவிடும். யூனிட் வைத்திருப்பவரும் வங்கிக் கணக்குக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆள் என்பது தாளில் தெரியாவிட்டால், என்னுடைய பணம் என்னிடமே வருகிறதா என்று அவர்களால் சொல்ல முடியாது. பணத்தைப் போடும்போது இதை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால், அவசரத்துக்கு எடுக்கப்போகும் நாளில்தான் அது பிடிபடும். கொடுத்த காசோலை திரும்பப் போகும் நாளாகக்கூட அது இருக்கலாம். ஆகவே ஆரம்பத்திலேயே திருப்பி அனுப்பியது எனக்கு நல்லதாகப் போயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் தீர்மானங்களின் கீழ் தடை செய்யப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல்களோடும் நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. எமது பெயர்கள் உலகம் முழுவதும் பலருக்கும் உள்ள பெயர்கள். ஆகவே பெயரை மட்டும் வைத்து நம்மை வேறு ஆள் இல்லை என்று காட்ட முடியாது. அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும்தான் காட்டும். உங்கள் விளக்கம் எழுத்துக்கூட்டலில் அல்ல, இந்த இரண்டிலும்தான் நிற்க வேண்டும். இக்கட்டுரையில் ஒரு விடயத்தை மட்டும் ஞாபகம் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

முதல் வேலை: எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள்

ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வோர் ஆவணத்திலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கி, வியாபாரப் பதிவு, வரி இலக்கச் சான்றிதழ் ஆகியவை போதும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதிலுள்ள அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் எழுதுங்கள்.

வங்கிப் பெயரை எழுதும்போது புத்தகத்தின் மட்டையைப் பார்க்க வேண்டாம். மட்டையில் கையால் எழுதியது ஒன்றாகவும் கணினியில் இருப்பது இன்னொன்றாகவும் இருக்கலாம். அச்சிட்ட வங்கிக் கூற்றில் வருவதுதான் கணக்கு.

அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு மயக்கம் வரக்கூடும். பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். 2016 இலிருந்து வழங்கப்படும் புதிய வடிவம் 12 எண்கள். பழைய இலக்கத்தின் முன்னால் 19 ஐச் சேர்த்து, அதன் ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியத்தை இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் 12 எண் வடிவம் வரும். ஒரு தாளில் பழைய வடிவமும் இன்னொரு தாளில் புதிய வடிவமும் இருந்தால் அவை இரண்டு இலக்கங்கள் அல்ல, ஒன்றுதான் என்பதையும் விளக்கக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் வித்தியாசம் எந்த வகை என்று பாருங்கள். CADER, KADER போலச் சத்தம் ஒன்றாக இருந்து எழுத்து மட்டும் மாறியிருந்தால் அது முதல் வகை. ஒரு சொல் விடுபட்டிருந்தால், அல்லது முழுப் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருந்தால், அல்லது சொற்களின் ஒழுங்கு மாறியிருந்தால் அது இரண்டாம் வகை. இலக்கமும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கும்வரை இந்த இரண்டு வகைகளையும் விளக்கிக் கொள்ளலாம். என்னுடையது இரண்டும் கலந்தது.

மூன்றாம் வகை வேறு. ஒரு தாளில் நியாஸ், இன்னொன்றில் றியாஸ் என்றிருந்தால், அல்லது பிறந்த வருடம் மாறியிருந்தால், அல்லது வாப்பாவின் பெயரே வேறாக இருந்தால், அது எழுத்துக்கூட்டல் பிரச்சினை அல்ல. பதிவே பிழை. அதைக் கடிதத்தால் மூட முயல வேண்டாம். பிழை இருக்கும் பதிவைத் திருத்திய பிறகுதான் படிவத்தைத் தொட வேண்டும். அடையாள அட்டையில் பிழை என்றால் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் அதையே முதலில் திருத்த வேண்டும்.

இரண்டாவது வேலை: வங்கியிடமிருந்து ஒரு கடிதம்

எமது ஆட்கள் நேரே சமாதான நீதவானிடம் ஓடுகிறார்கள். நான் சொல்வது, முதலில் வங்கிக்குப் போங்கள். அடையாள அட்டையின் மூலத்தையும் கொண்டு போய், இந்த இலக்கமுள்ள அடையாள அட்டைக்காரர்தான் இந்தக் கணக்கை வைத்திருக்கிறார் என்று உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று கேளுங்கள். அதில் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: கணக்கு இலக்கம், வங்கியில் பதிவாகியுள்ளபடி பெயர், அடையாள அட்டை இலக்கம், கணக்கு திறந்த வருடம்.

நீங்கள் எழுதும் கடிதம் உங்கள் வாய்ச் சொல். வங்கியின் கடிதமோ உங்களைக் கண்டு, மூலத்தைப் பார்த்த மூன்றாம் ஆளின் சொல். அந்த உத்தியோகத்தர் கேட்ட "மூணாவது தாள்" உண்மையில் இதுதான்.

எனக்கு இங்கே ஒரு தடங்கல் வந்தது. பழைய கணக்கு என்பதால் வங்கியின் கணினியில் எனது அடையாள அட்டை இலக்கத்தின் ஓர் எண் பிழையாகப் பதிவாகியிருந்தது. இலக்கம் சரியில்லாமல் கடிதம் கொடுத்திருந்தால் எல்லாமே கெட்டிருக்கும். வாடிக்கையாளர் விபரங்களைப் புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பி, புதிய அட்டையைக் காட்டி, அதைத் திருத்திய பிறகுதான் கடிதம் கிடைத்தது. கையில் வாங்கியதும் அந்த இடத்திலேயே இலக்கத்தை ஒவ்வோர் எண்ணாக வாசித்துப் பார்த்துவிட்டே வெளியே வாருங்கள்.

மூன்றாவது வேலை: சத்தியக்கடதாசி

அடுத்தது, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்ற சத்தியக்கடதாசி. சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் இதைச் செய்யலாம். முஸ்லிம்களாகிய நாம் இதில் உறுதியுரை செய்கிறோம். எனது கடதாசியின் முக்கிய பகுதி இப்படி இருந்தது:

"எனது தேசிய அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் எனது பெயர் ABDUL CADER LEBBE MOHAMED எனத் தொடங்கி எழுதப்பட்டுள்ளது. எனது வங்கிக் கணக்கில் A.K.MOHAMMED எனவும், வியாபாரப் பதிவுச் சான்றிதழில் A.C.MOHAMED எனவும் எழுதப்பட்டுள்ளது. இம்மூன்று பெயர்களும் மேற்படி அடையாள அட்டை இலக்கத்தையுடைய என் ஒருவனையே குறிக்கின்றன என உறுதியுரைக்கிறேன்."

இதில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இப்போதைக்குத் தேவைப்படும் இரண்டு வடிவங்களை மட்டும் எழுதாமல், கையிலுள்ள எல்லா வடிவங்களையும் எழுதியிருக்கிறேன். நாளைக்கு வியாபாரப் பதிவைக் கேட்டால் இன்னொரு கடதாசி செய்ய வேண்டியதில்லை. இரண்டு, வங்கியிலுள்ள பெயர் "பிழையானது" என்று எங்கும் சொல்லவில்லை. அந்தப் பெயரில் எனக்குக் கடன் பத்திரமும் ஓர் உறுதியும் இருக்கின்றன. அவற்றின் பெயர் பிழை என்று நானே சத்தியம் செய்துவிட்டு, பிறகு அதே பெயரில் வழக்காட முடியாது. எல்லாம் ஒரே ஆள் என்று மட்டும் சொல்ல வேண்டும். மூன்று, கையொப்பம். எனது வங்கிக் கையொப்பமும் அடையாள அட்டைக் கையொப்பமும் ஒன்றுதான். உங்களுக்கு இரண்டாக இருந்தால், இரண்டும் என்னுடையவை என்று எழுதி இரண்டையும் இடுங்கள்.

கடதாசிக்கு ஓர் எல்லை உண்டு. அது பெயரை மாற்றாது, வங்கிப் பதிவைத் திருத்தாது. ஏற்பதா இல்லையா என்பது கம்பனியின் முடிவு. உண்மையில்லாததை அதில் எழுதினால் அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். "ஜே.பி. நம்ம ஆள்தானே, போட்டுத் தருவார்" என்று மூன்றாம் வகை வித்தியாசத்தை மூடப் பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நான்காவது வேலை: படிவமும் கடிதமும்

இப்போது படிவம். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். வங்கி விபரம் கேட்கும் கட்டத்தில் கணக்கின் பெயரை வங்கியில் உள்ளபடியே எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய தாளிலுள்ள பெயர். இரண்டையும் நீங்களாகப் பொருத்த முயன்றால் எனது இரண்டாவது படிவத்தின் கதிதான்.

மேலே ஒரு பக்கத்துக்கு மேற்படாத கடிதம் ஒன்றை வையுங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இதுதான்:

"எனது அடையாள அட்டையிலுள்ள பெயருக்கும் வங்கிக் கணக்கிலுள்ள பெயருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் வித்தியாசம் உள்ளது. 1991 இல் கணக்குத் திறந்தபோது எனது அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயர் இருக்கவில்லை. சிங்களத்திலிருந்து வங்கியில் எழுதப்பட்டபோது CADER என்பது K எனவும், MOHAMED என்பது MOHAMMED எனவும் எழுதப்பட்டு, LEBBE என்பது விடுபட்டது. அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் இரண்டிலும் ஒன்றே. வங்கியின் உறுதிப்படுத்தும் கடிதமும் சத்தியக்கடதாசியும் இத்துடன் உள்ளன. யூனிட்டுகளை அடையாள அட்டையிலுள்ள பெயரில் பதிவு செய்து, மீளப்பெறும் பணத்தை மேற்படி கணக்குக்கே அனுப்புமாறு வேண்டுகிறேன்."

என்ன வித்தியாசம், ஏன் வந்தது, எது மாறவில்லை, ஆதாரம் எது, என்ன செய்ய வேண்டும். இந்த ஐந்தும் இருந்தால் போதும். வங்கியைக் குறை சொல்வதோ, எத்தனை வருட வியாபாரம் என்று சொல்வதோ தேவையில்லை. எனது விண்ணப்பம் இம்முறை ஏற்கப்பட்டது. பதிவை உறுதிப்படுத்தும் தாள் வந்ததும் அதிலுள்ள பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மீண்டும் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். முழுத் தொகையையும் ஒரே தடவையில் போடவில்லை. முதலில் சிறு தொகை ஒன்றைப் போட்டு, இரண்டு வாரங்களில் அதில் கொஞ்சத்தை மீள எடுத்துப் பார்த்தேன். பணம் சிக்கலின்றிக் கணக்குக்கு வந்தது. அதன் பிறகே மிச்சத்தைப் போட்டேன். பாதை திறந்திருக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல சோதனை இல்லை.

குறுக்கு வழிகள் இரண்டு

எனது மச்சான் ஒருவர், "அவ்வளவு பாடு எதுக்கு? மகன்ட கணக்கில பேர் சரியா இருக்குதானே, அதைக் குடுங்க" என்றார். மகனின் கணக்கு மகனுடையது. நான் மேலே சொன்ன மூன்றாம் ஆள் பிரச்சினை அங்கேயே வந்துவிடும். கடையின் பெயரிலுள்ள கணக்கைக் கொடுப்பதும் அப்படித்தான். தனி வியாபாரமாக இருந்தாலும் கணக்கின் பெயர் கடையின் பெயராக இருந்தால், அதற்கு வியாபாரப் பதிவையும் சேர்த்து இன்னொரு விளக்கம் கேட்பார்கள். யூனிட்டும் கணக்கும் ஒரே ஆளின் பெயரில் இருப்பதே சுகம்.

இனி வேரைத் திருத்துவது

விளக்கம் என்பது காயத்துக்குக் கட்டும் துணி. நிரந்தரமாகத் தீர்க்க வேண்டுமானால் வங்கிக் கணக்கின் பெயரையே அடையாள அட்டைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். உங்களிடம் ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கு மட்டும் இருந்தால், முதலில் இதைச் செய்துவிடுங்கள். கடதாசி, கடிதம் எதுவும் தேவைப்படாது.

ஆனால் நடைமுறைக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரி அவசரப்படக் கூடாது. உங்கள் பழைய பெயருக்கு எழுதி, கணக்கில் மட்டுமே வைப்பிலிட வேண்டும் என்று குறுக்குக் கோடிட்ட காசோலைகள் கையில் இருக்கலாம். வாடிக்கையாளர்கள் முன்திகதியிட்டுத் தந்தவையும் இருக்கலாம். கணக்கின் பெயர் மாறிய பிறகு அவற்றைப் போடும்போது கேள்வி வரும். அந்தப் பெயரில் கடனோ லீசிங்கோ ஈடோ இருந்தால் அந்தப் பத்திரங்களையும் பார்க்க வேண்டும். நான் முகாமையாளரிடம் பேசி, கையிலிருந்த காசோலைகள் எல்லாம் மாறும்வரை மூன்று மாதங்கள் பொறுத்தேன். பழைய பெயரும் எனதே என்று குறித்துக்கொள்ளுமாறு சத்தியக்கடதாசியின் ஒரு பிரதியை வங்கிக் கோவையிலும் வைத்தேன். அதன் பின்னரே பெயரை மாற்றினேன். மாற்றியதும் அந்த வாரமே யூனிட் டிரஸ்ட் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்தேன். அறிவிக்காவிட்டால், தீர்ந்த பிரச்சினை தலைகீழாகத் திரும்பி வந்திருக்கும்.

இவ்வளவு தூரம் நான் மினக்கெட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனது சாச்சா மௌத்தானபோது, அவரது மரணச் சான்றிதழ் அடையாள அட்டையிலுள்ள பெயரில் வந்தது. பணம் இருந்த கணக்கோ வேறொரு எழுத்துக்கூட்டலில் இருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே ஆள் கப்றில் இருந்தார். இத்தாவை முடித்த சாச்சி, பழைய கடிதங்களையும் கடவுச்சீட்டுப் பிரதிகளையும் பெட்டிக்குள் தேடி எடுத்து ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினார். நாம் உயிரோடு இருக்கும்போது ஒரு காலைப் பொழுதில் முடிகிற கடதாசி, நாம் இல்லாதபோது நம் வீட்டுப் பெண்களுக்கு மாதக்கணக்கான அலைச்சலாகிவிடுகிறது.

எனது சத்தியக்கடதாசியின் மூலமும், வங்கிக் கடிதத்தின் பிரதியும், மேசையில் வைத்து எழுதிய அந்தப் பட்டியலும் இப்போது ஒரே உறையில் இருக்கின்றன. உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.